பிள்ளை எழுதும் முதல் விடுப்புக் கடிதம்: தாத்தா பாட்டி கூட இருந்து எழுத வைப்பது எப்படி

மூன்று, நான்காம் வகுப்பு வாக்கில் பிள்ளைகள் தாங்களாகவே விடுப்புக் கடிதம் எழுத ஆரம்பிக்கலாம். அதுவரை அம்மாவோ அப்பாவோ வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் நாலு வரி கிறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சாயங்காலத்தில் பிள்ளை பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் தாத்தா பாட்டிதான், அதனால் முதல் கடிதம் அவர்கள் கையில்தான் வந்து நிற்கும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சேலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. காலையில் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது மேசைக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும்: "எனக்குக் காய்ச்சலாக இருந்ததால் பள்ளிக்கு வர இயலவில்லை." கொடுக்கிற பிள்ளையின் கையில் கல்யாண மருதாணி இன்னும் சிவப்பாக இருக்கும். பிள்ளை பொய் சொல்ல நினைத்ததில்லை, பயிற்சி ஏட்டில் இருந்த கடிதத்தில் காய்ச்சல் என்று இருந்தது, மனப்பாடம் செய்தது, எழுதிவிட்டது. விடுப்புக் கடிதம் என்றாலே காய்ச்சல்தான் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே முதல் கடிதத்தில் கவனிக்க வேண்டியது கையெழுத்தோ அமைப்போ இல்லை, உண்மையான காரணத்தைப் பிள்ளை தன் சொந்த வாக்கியத்தில் எழுதுகிறதா என்பதுதான். மற்றதெல்லாம் அடுத்தடுத்த கடிதங்களில் தானாகச் சரியாகும்.

என் மகள் நான்காம் வகுப்பில் எழுதிய முதல் கடிதத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கூட உட்கார்ந்தது என் அம்மா, அவளுக்கு அம்மாயி. அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அலுவலகங்களுக்கு மனு எழுதியே பழகிய கை.

விஷயம் இதுதான். மகளின் தம்பிக்குக் காது குத்து, வாழப்பாடி பக்கம் குலதெய்வக் கோயிலில், 2025 ஆகஸ்டு 29, வெள்ளிக்கிழமை. வியாழன் சாயங்காலம் பள்ளி விட்டதும் அம்மாபேட்டை வீட்டிலிருந்து கிளம்புவது, ஞாயிறு ராத்திரி திரும்புவது என்று ஏற்பாடு. புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. கொழுக்கட்டை வேலை முடிந்து மத்தியானம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

முதலில் பேச வையுங்கள், பேனா அப்புறம்

பேப்பரை எடுத்து வைத்தவுடன் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, "என்ன எழுதணும், சொல்லுங்க" என்பதுதான். அங்கே பதில் சொல்லிவிட்டால் அது கடிதம் ஆகாது, சொல்வதெழுதுதல் ஆகிவிடும். என் அம்மாவுக்கும் வாயில் முதலில் வந்தது "மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான பார்வைக்குப் பணிந்து சமர்ப்பிப்பது" என்பதுதான். அவள் ஆவென்று பார்த்தாள். அதற்குள் அம்மாவே சுதாரித்துக்கொண்டு, "அது கிடக்கட்டும் கண்ணு, உங்க டீச்சர் இப்ப இந்தத் திண்ணையில வந்து உட்கார்ந்திருக்காங்கன்னு வெச்சுக்கோ, அவங்ககிட்ட என்ன சொல்லுவ?" என்று கேட்டார்.

"எங்க பாப்பாவுக்கு காது குத்துறாங்க மிஸ், நான் வர மாட்டேன்."

"எப்ப வர மாட்ட?"

"வெள்ளிக்கிழமை."

"எங்க குத்துறாங்க?"

"சாமி கோயில்ல, வாழப்பாடிகிட்ட. மாமா மடியில உட்கார வெச்சு."

சரி, கடிதம் கிடைத்துவிட்டது. என்ன காரணம், எந்த நாள், எந்த ஊர் என்ற மூன்றும் அவள் வாயாலேயே வந்துவிட்டன. மாமா மடி கடிதத்துக்குத் தேவையில்லை, ஆனால் அதைத் தடுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிள்ளையே பிரித்துப் பார்க்கும். "டீச்சருக்கு இதுல எது தெரிஞ்சாகணும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாமா மடி வேண்டாம் அம்மாயி" என்றாள்.

எத்தனை நாள் என்று எண்ணுவது

இங்கேதான் நிறையப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். அவள் கணக்குப்படி வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, ஆக நான்கு நாட்கள் விடுப்பு. ஊரில் இருக்கப்போவது நான்கு நாள்தானே, அவள் சொன்னது அவளுக்குச் சரிதான். ஆனால் ஆசிரியர் பார்ப்பது பதிவேட்டின் கட்டங்களை. பள்ளி நடக்கிற நாளில் பிள்ளை இல்லையென்றால்தான் அந்தக் கட்டத்துக்கு விளக்கம் வேண்டும். வியாழன் முழுதும் பள்ளியில் இருந்துவிட்டுத்தான் கிளம்புகிறாள், ஞாயிறு எப்படியும் விடுமுறை, அவள் பள்ளிக்கு அந்தச் சனிக்கிழமையும் விடுமுறை. மிச்சம் வெள்ளி ஒரே நாள்.

இதை வாயால் விளக்குவதைவிட நாள்காட்டியைக் காட்டுவது நல்லது. அம்மா சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்து, "உங்க பள்ளிக்கூடத்துல மணி அடிச்சும் நீ போகாத நாள்ல மட்டும் விரலை வை" என்றார். விரல் 29இல் மட்டும் நின்றது. சில பள்ளிகளில் சனிக்கிழமையும் வகுப்பு இருக்கும், அப்படி இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும், ஆகவே முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி நாள் இடையில் வந்தாலும் அதை விடுப்பில் சேர்க்கக் கூடாது.

கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். "வருகிற வெள்ளி" என்று மட்டும் எழுதினால், இரண்டு நாள் கழித்துக் கடிதத்தை எடுத்துப் பார்க்கும்போது எந்த வெள்ளி என்று குழப்பம் வரும். "29.08.2025, வெள்ளிக்கிழமை" என்று எழுதிவிட்டால் தேதியில் தப்பு இருந்தாலும் கிழமையை வைத்துப் பிடித்துவிடலாம்.

யாருக்கு எழுதுவது

ஒரு நாள், இரண்டு நாள் விடுப்புக்கு வகுப்பாசிரியருக்கு எழுதினால் போதும். நீண்ட விடுப்பாக இருந்தால் தலைமையாசிரியருக்கு எழுதி வகுப்பாசிரியர் கையில் கொடுப்பது வழக்கம். சில தனியார் பள்ளிகளில் தனிக் கடிதம் வாங்க மாட்டார்கள், பள்ளி டைரியில் இதற்கென்றே பக்கம் இருக்கும், அதில் பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி இருந்தாலும் பிள்ளையைத் தனித் தாளில் எழுதச் சொல்லி டைரிக்குள் வைத்து அனுப்பலாம், எந்த ஆசிரியரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

பெறுநர் என்ற இடத்தில் என் மகள் முதலில் மிஸ்ஸின் பெயரை எழுதி, பக்கத்தில் "மிஸ்" என்றும் போட்டாள். பெயர் வேண்டாம், "வகுப்பாசிரியர் அவர்கள்" என்று பொறுப்பை எழுதினால் போதும். அன்று அந்த மிஸ்ஸே விடுப்பில் இருந்து வேறொருவர் வகுப்பைப் பார்த்துக்கொண்டாலும் கடிதம் செல்லும், அதுதான் காரணம். இந்தக் காரணத்தைச் சொன்னால் பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும், "அப்படித்தான் எழுதணும்" என்று சொன்னால் மறந்துவிடும்.

தாள்

கோடு போட்ட நோட்டின் நடுப்பக்கத்தை எடுங்கள். நடுவில் பின் அடித்திருக்கும் நோட்டில் மற்ற இடத்தில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் மறுபக்கம் தளர்ந்து, ஒரு வாரத்தில் கழன்று விழும். நடுவில் பின்னை லேசாக நிமிர்த்தி இரட்டைத் தாளாக உருவி எடுத்து, பின்னைத் திரும்ப மடக்கிவிட்டால் நோட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பாதியில் ஒத்திகை, மறுபாதியில் உண்மையான கடிதம். மடிப்பில் நகத்தை வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டு அளவுகோலை வைத்துக் கிழித்தால் ஓரம் நேராக வரும். இதையும் பிள்ளையே செய்யட்டும், என் மகளுக்கு அந்த மத்தியானத்தில் ரொம்பப் பிடித்த வேலை இதுதான்.

ஒத்திகைத் தாளில் எழுதுவது

முதலில் பென்சிலில், ஒத்திகைத் தாளில், நடுவில் வரும் செய்தியை மட்டும் எழுத வையுங்கள். அனுப்புநர், பெறுநர் எல்லாம் பிறகு. மேலே இருந்து ஆரம்பித்தால் முகவரி எழுதி முடிப்பதற்குள் பிள்ளை களைத்துப்போய், முக்கியமான வரிகளை ஒப்புக்கு எழுதிவிடும்.

அவள் முதலில் எழுதியது: "எங்க பாப்பாவுக்கு காது குத்துறாங்க. அதனால் வெள்ளிக்கிழமை வர மாட்டேன்." இதில் தப்பு என்று அடிக்க எதுவும் இல்லை. எழுத்து வழக்குக்குக் கொஞ்சம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அம்மா திருத்தவில்லை, கேட்டார். "டீச்சருக்கு உங்க பாப்பா யாருன்னு தெரியுமா?" பாப்பா என்பது தம்பி ஆனது. "வர மாட்டேன்னு சொன்னா சண்டை போடுற மாதிரி இல்ல?" வர மாட்டேன் என்பது வர இயலாது ஆனது, அது அவள் பாடத்தில் படித்த சொல்தான், அவளே எடுத்துப் போட்டாள். "டீச்சர்கிட்ட என்ன கேக்குற?" என்றதும்தான் விடுப்பு கேட்கும் வரி வந்தது. பிள்ளைகள் அடிக்கடி விட்டுவிடுவது இந்த வரியைத்தான், வர மாட்டேன் என்று அறிவித்துவிட்டு அனுமதி கேட்காமல் முடித்துவிடுவார்கள்.

எழுத்துப் பிழைக்கு ஒரு வழி சொல்கிறேன். பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அவள் "அளிக்குமாரு" என்று எழுதியிருந்தாள். அந்த இடத்தில் அம்மா விரலை வைத்து, "இதுக்கு எந்த ற?" என்று மட்டும் கேட்டார், மாற்றிவிட்டாள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பிழைக்கு மேல் பிடிக்காதீர்கள். ஒன்றிரண்டு ஒற்று விட்டுப்போனால் போகட்டும், ஒற்றெல்லாம் கச்சிதமாக விழுந்த கடிதம் வந்தால் யார் எழுதியது என்று ஆசிரியருக்கே தெரியும்.

நல்ல தாளில்

இப்போது பேனா. இடப்பக்கம் மேலே அனுப்புநர், அதன் கீழே பெறுநர். பிறகு விளி, பொருள், வணக்கம், செய்தி, நன்றி. கீழே வலப்பக்கம் "இப்படிக்கு", இடப்பக்கம் இடமும் நாளும். பிள்ளைகளுக்கு இடம் போதாமல் போவது கீழே வலப்பக்கத்தில்தான். "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" என்பது நீளமான வரி, ஓரத்துக்குப் போய் முட்டி, கடைசி எழுத்துகள் கீழ்நோக்கி வழியும். அதனால் தாளை நெடுக்காக ஒரு தடவை லேசாக மடித்துப் பிரித்துவிடுங்கள். அந்த மடிப்புக் கோட்டிலிருந்து "இப்படிக்கு" ஆரம்பித்தால் இடம் சரியாக இருக்கும்.

அவள் எழுதி முடித்தது இது, பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

அனுப்புநர்
(மாணவியின் பெயர்),
நான்காம் வகுப்பு, 'ஆ' பிரிவு,
(பள்ளியின் பெயர்),
சேலம்.

பெறுநர்
வகுப்பாசிரியர் அவர்கள்,
நான்காம் வகுப்பு, 'ஆ' பிரிவு,
(பள்ளியின் பெயர்),
சேலம்.

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: ஒரு நாள் விடுப்பு வேண்டுதல்.

வணக்கம். என் தம்பிக்கு வாழப்பாடி அருகில் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் காது குத்துகிறார்கள். நானும் குடும்பத்துடன் செல்வதால் 29.08.2025, வெள்ளிக்கிழமை அன்று பள்ளிக்கு வர இயலாது. அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்றைய வீட்டுப்பாடத்தைத் திங்கட்கிழமை கேட்டு எழுதிவிடுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி,
(கையொப்பம்)

இடம்: சேலம்
நாள்: 28.08.2025

பெற்றோர் கையொப்பம்:

வீட்டுப்பாட வரி யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளே சேர்த்தது. "தாழ்மையுடன்", "பணிவன்புடன்" எல்லாம் இதில் இல்லை, இருக்கவும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு நாள் விடுப்புக்கு அவ்வளவு குனிய வேண்டியதில்லை, வணக்கமும் நன்றியும் போதுமான மரியாதை.

நாளைப் பாருங்கள். எழுதியது 27ஆம் தேதி, போட்டது 28. கடிதத்தில் போட வேண்டியது கொடுக்கிற நாள். 27 அன்று பள்ளியே இல்லை, அந்தத் தேதியைப் போட்டால் பெரிய குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் ஆசிரியருக்கு எப்போது கிடைத்தது என்பதுதான் பின்னால் பார்க்கும்போது உதவும்.

இடையில் ஒரு சொல் தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியாக எழுதினால் போதும். வெள்ளை மை பூச வேண்டாம், காயும் முன் அதன்மேல் எழுதிப் பேனா முனை அடைத்துக்கொள்ளும், தாளும் ஒட்டிக்கொள்ளும். ஒரு அடித்தலுக்காகக் கடிதம் முழுவதையும் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள், மூன்றாவது தடவை எழுதும்போது கையெழுத்து முதலாவதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

கையெழுத்து

பிள்ளைக்கென்று கையெழுத்து இருக்காது, தன் பெயரை முழுதாகத் தமிழில் எழுதினால் அதுவே கையொப்பம். பெற்றோர் கையொப்பத்துக்கு இடம் விட்டுவிட்டு, ராத்திரி அம்மாவோ அப்பாவோ வந்ததும் பிள்ளையே கொண்டுபோய் வாங்கட்டும். தாத்தா பாட்டி போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெற்றோர் வெளியூரில் இருந்து, பிள்ளை தாத்தா பாட்டி பொறுப்பில் வளர்கிறது என்றால் போடலாம், ஆனால் கையெழுத்துக்குக் கீழே "பாதுகாவலர், தாத்தா" என்று உறவையும் எழுதுங்கள், ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள். அப்பா கையெழுத்தைத் தாத்தா போடுவது மட்டும் கூடாது. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது, அடுத்த வருடம் மதிப்பெண் அட்டையில் அதுவே போடப் பழகிவிடும்.

கொடுப்பது

கடிதத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் வைக்காதீர்கள், எங்கள் மேசைக்கு வரும் கடிதங்களில் சாம்பார் கறை ரொம்ப சகஜம். தமிழ்ப் பாடநூலின் அட்டைக்குள் செருகி வைத்து, காலையில் பதிவேடு எடுக்கும் நேரத்தில் பிள்ளையே எழுந்து போய்க் கொடுக்க வேண்டும். "மிஸ், நாளைக்கு லீவு லெட்டர்" என்று ஒரு வரி சொன்னால் போதும். வாய் பேசத் தயங்கும் பிள்ளையாக இருந்தால் முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துப் பார்க்கட்டும், தாத்தா டீச்சராக உட்கார்ந்துகொள்ளலாம்.

முன்கூட்டியே தெரிந்த விடுப்புக்கு முந்தின நாளாவது கடிதம் போய்ச் சேர வேண்டும். அன்று தேர்வு ஏதாவது இருந்தால் ஆசிரியர் அப்போதே சொல்லிவிடுவார், மாற்று ஏற்பாடு செய்ய நேரமும் இருக்கும்.

உண்மையிலேயே காய்ச்சல் என்றால்

அப்போது கடிதம் விடுப்பு எடுத்த பிறகு எழுதுவது, ஆகவே நடந்ததைச் சொல்லும் வினைகள் இறந்த காலத்துக்கு மாறும். "வர இயலாது" என்பது "வர இயலவில்லை" ஆகும். நாள் என்ற இடத்தில் திரும்பிப் பள்ளிக்கு வரும் தேதி வரும், செய்திக்குள் வராத தேதிகள் வரும். பிள்ளைகள் இரண்டிலும் ஒரே தேதியைப் போடுவார்கள், அதை மட்டும் பாருங்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்ல வேண்டாம். முதல் நாள் காலையில் பெரியவர்கள் ஆசிரியருக்குக் கைப்பேசியில் சொல்லிவிட்டு, பள்ளிக்குத் திரும்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம் எழுத வைத்தால் போதும். இங்கேயும் "உடல்நிலை சரியில்லை" என்று பொதுவாக எழுதுவதைவிட, "இரண்டு நாளாகக் காய்ச்சலும் வாந்தியும் இருந்தது" என்று பிள்ளை நடந்ததை எழுதினால், அன்று விளையாட்டு வகுப்பில் அதை உட்கார வைக்க வேண்டுமா என்று எங்களுக்குத் தெரியும்.

அம்மை போட்டிருந்தால் அதைக் கண்டிப்பாக எழுதுங்கள். சில வீடுகளில் அதைச் சொல்லத் தயங்கிக் காய்ச்சல் என்று எழுதிவிடுகிறார்கள், பக்கத்து பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு நாங்கள் சொல்லி வைக்க முடியாமல் போகிறது. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகுதான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பதற்காக மட்டும் அனுப்பக் கூடாது. அத்தனை நாள் விடுப்புக்குச் சில பள்ளிகள் மருத்துவச் சான்றும் கேட்கும். அதை வாங்கிக் கடிதத்தோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, பொருள் வரியில் "மருத்துவ விடுப்பு" என்று எழுதச் சொல்லுங்கள்.